பேபி ஸ்டெப், ஜயன்ட் ஸ்டெப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்பில் குறியாக்கவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தனித்த மடக்கையும், அதைக் கண்டுபிடிக்க உதவும் பேபி ஸ்டெப், ஜயன்ட் ஸ்டெப் என்ற சின்ன அடி–பெரிய அடி முறையும் வரும் வாரத்தில் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்பே சொன்ன பதிலை மறுபடி எழுதாமல், அந்த இடத்தை மட்டும் சுட்டியிருக்கிறேன். அதனால் முதல் முறை படிப்பவர்கள் மேலிருந்து கீழே வருவது நல்லது.

தனித்த மடக்கைன்னா என்ன சார்? ஸ்கூல்ல படிச்ச அதே லாக்தானா?

கேள்வி அதேதான், இடம்தான் வேறு. பள்ளியில் 2-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 1024 வரும் என்று கேட்டார்கள். இங்கே ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் 101-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். 2, 4, 8, 16, 32, 64 என்று போய், அடுத்தது 128-க்குப் பதில் 27 ஆகிவிடும். அதன் பிறகு 54, 7, 14. இப்போது "2-இன் எந்த அடுக்கில் 47 வரும்?" என்று கேட்டால் அதுதான் தனித்த மடக்கை. பொதுவாக எழுதினால் g, h இரண்டும் தெரியும்; g^x = h ஆகும் x வேண்டும்.

சாதாரண லாகில் எண் பெரிதாகப் பெரிதாக விடையும் பெரிதாகும். அதனால் தோராயமாக ஊகித்து நெருங்கலாம். மீதிகளின் உலகத்தில் அந்த வசதி இல்லை. 54-க்கு அடுத்து 7 வருகிறது. 47 என்ற எண்ணை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதன் அடுக்கு சின்னதா பெரிதா என்றுகூடச் சொல்ல முடியாது. சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்துட்டே போனா என்ன? கம்ப்யூட்டர்தானே செய்யுது?

சின்ன எண்களுக்குத் தாராளமாகப் போகலாம். அடுக்குகள் மீண்டும் 1-க்குத் திரும்பிவர எத்தனை அடி ஆகிறதோ அதை g-இன் வரிசை என்பார்கள். அதை n என்று வைத்துக்கொள்வோம். 101-இல் 2-க்கு n = 100. நூறு பெருக்கல் ஒரு பொருட்டே இல்லை.

n என்பது 2^60 அளவுக்குப் போனால் கதை மாறிவிடும். நொடிக்கு 100 கோடி பெருக்கல் செய்தால்கூட எல்லா அடுக்குகளையும் தொட்டுமுடிக்க 36 வருடத்துக்கு மேல் ஆகும். அதே கணக்கை நொடிக்கு ஒரு கோடி பெருக்கல் மட்டுமே செய்யும் கணினியில் நாலு நிமிடத்துக்குள் முடிக்கலாம். அதற்கு நிறைய மெமரி மட்டும் வேண்டும். இந்தப் பக்கத்தில் மீதி இருப்பதெல்லாம் அந்தப் பேரத்தைப் பற்றித்தான்.

சின்ன அடி எது, பெரிய அடி எது? ரெண்டும் எனக்குக் குழம்பிப் போகுது.

58 என்ற எண்ணை நாம் எப்படி எழுதுகிறோம் என்று பாருங்கள். பத்துகள் ஐந்து, ஒன்றுகள் எட்டு. எந்த x-ஐயும் இப்படி x = i·m + j என்று பிரிக்கலாம். m = 10 என்றால் i பத்தாம் இடம், j ஒன்றாம் இடம். நூறு விடைகளையும் ஒவ்வொன்றாகத் தேடுவதற்குப் பதிலாக, ஒன்றாம் இடத்துக்குரிய பத்து எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பத்தாம் இடத்தை மட்டும் தேடுகிறோம்.

g^0, g^1, … g^(m−1) என்று ஒவ்வொன்றாக முன்னால் போய், வந்த மதிப்பையும் அதன் j-ஐயும் அட்டவணையில் எழுதுவது சின்ன அடி. h-இலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு தடவையும் g^m-ஐ வகுத்துத் தள்ளிப் பின்னால் வருவது பெரிய அடி. ஒரு பெரிய அடி என்றால் அடுக்கிலிருந்து முழுசாக m கழிகிறது. கழித்துக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் மீதியிருக்கும் அடுக்கு m-க்குக் கீழே இறங்கியே தீரும். அப்போது நாம் நிற்கும் எண் அட்டவணையில் இருக்கும். எடுத்த பெரிய அடிகள் i, அட்டவணை சொல்வது j.

டேனியல் ஷாங்ஸ் 1971-இல் வெளியிட்ட கட்டுரை மூலமாக இந்த முறை பரவலாகத் தெரியவந்தது. குறியாக்கத்தை உடைப்பது அவர் நோக்கம் அல்ல. இருபடி வடிவங்களைச் சார்ந்த குலங்களின், அதாவது பெருக்கல் போன்ற ஒரு செயலுக்குள் அடங்கி நிற்கும் கூட்டங்களின், அளவைக் கணக்கிட அவருக்கு இது தேவைப்பட்டது. மடக்கையின் கடினத்தை நம்பிய டிஃபி–ஹெல்மன் சாவிப் பரிமாற்றம் வந்தது 1976-இல்தான்.

ஒரு தடவை கையாலயே செஞ்சு காட்டுங்களேன்.

p = 101, g = 2, h = 47. n = 100 என்பதால் m = 10.

சின்ன அடிகள்: j = 0 முதல் 9 வரை முறையே 1, 2, 4, 8, 16, 32, 64, 27, 54, 7. இதுதான் அட்டவணை. அடுத்த அடி 2^10 = 14. இதன் நேர்மாறு 65, ஏனென்றால் 14 × 65 = 910, அதை 101-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 14-ஆல் வகுப்பதற்குப் பதிலாக 65-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

பெரிய அடிகள்: 47-இல் தொடங்குகிறோம். அட்டவணையில் இல்லை. 47 × 65 = 3055, மீதி 25. இல்லை. அடுத்து 9, பிறகு 80, பிறகு 49. ஒன்றும் இல்லை. ஐந்தாவது பெரிய அடியில் 49 × 65 = 3185, மீதி 54. 54 அட்டவணையில் இருக்கிறது, அதன் j = 8. i = 5, j = 8, விடை 58. சரிபார்க்க: 2^50 மீதி 100, அதாவது −1. 2^8 மீதி 54. இரண்டையும் பெருக்கினால் −54, அதுவே 47.

இதைத் தாளில் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். 80, 49 என்று சம்பந்தமே இல்லாத எண்களாக வந்துகொண்டிருந்துவிட்டு, திடீரென்று நாம் எழுதி வைத்த 54 எதிரில் வந்து நிற்கும். அந்த இடத்தில்தான் முறை மனதில் பதிகிறது.

m எப்பவும் வர்க்கமூலம்தான் இருக்கணுமா? அட்டவணையைப் பாதியா குறைச்சா விடை தப்பா வருமா?

விடை தப்பாது. m உங்கள் விருப்பம். அட்டவணையின் நீளம் m என்றால், அதிகபட்சம் n/m பெரிய அடிகள் தேவைப்படும். இரண்டையும் பெருக்கினால் எப்போதும் n. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும், அவ்வளவுதான்.

மேலே செய்த கணக்கையே m = 5 என்று வைத்துச் செய்கிறேன். அட்டவணை 1, 2, 4, 8, 16 மட்டும். 2^5 = 32, அதன் நேர்மாறு 60. 47-இலிருந்து 60-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 93, 25, 86, 9, 35, 80, 53, 49, 11, 54, 8 என்று வரும். பத்தாவது அடியில் நமக்கு முன்பு விடை கொடுத்த அதே 54 கடந்து போவதைக் கவனியுங்கள். இந்தச் சின்ன அட்டவணையில் அது இல்லாததால் அடையாளம் தெரியாமல் போகிறது. அடுத்த அடியில் 8 வந்து மாட்டுகிறது. i = 11, j = 3, 55 + 3 = 58. மறுபக்கம் m = 20 என்று வைத்தால் 47, 9, 49 என்று இரண்டே பெரிய அடிகளில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் இருபது எண்களை எழுதி வைத்திருக்க வேண்டும்.

வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது என்றால், m + n/m என்ற மொத்த வேலை மிகக் குறைவாக இருப்பது இரண்டும் சமமாகும்போது. மிக மோசமான நிலையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. சராசரியைப் பார்த்தால், விடை வழியில் எங்கேயாவது கிடைத்துவிடும் என்பதால் பெரிய அடிகள் பாதிதான் ஆகும். அப்போது n/2-இன் வர்க்கமூலம் அளவுக்கு அட்டவணை போடுவது இன்னும் கொஞ்சம் லாபம். புத்தகத்தில் வர்க்கமூலம் என்று போட்டிருப்பதால் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெமரி எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். m-ஐ அதுதான் முடிவு செய்யும்.

கோடு எழுதினா எவ்வளவு நீளம் வரும்?

பைத்தானில் இவ்வளவுதான்:

```python
from math import isqrt

def bsgs(g, h, p, n):
    m = isqrt(n - 1) + 1
    table = {}
    e = 1
    for j in range(m):
        table.setdefault(e, j)
        e = e * g % p
    step = pow(e, -1, p)
    y = h % p
    for i in range(m):
        if y in table:
            return i * m + table[y]
        y = y * step % p
    return None
```

முதல் சுற்று முடியும்போது e-இல் இருப்பது g^m. அதனால் அதைத் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை. `bsgs(2, 47, 101, 100)` என்று கூப்பிட்டால் 58 வரும். `pow(e, -1, p)` பைத்தான் 3.8-இலிருந்து வேலை செய்யும்.

பெரிய எண்ணுக்கு மெமரி நிஜமாவே எவ்வளவு பிடிக்கும்? நேரம்தானே பிரச்சினை?

நேரத்துக்கு முன்னால் மெமரி தீர்ந்துவிடும். இந்த முறையைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

n = 2^60 என்று வைப்போம். m = 2^30, அதாவது சுமார் 107 கோடி பதிவுகள். மதிப்புக்கும் j-க்கும் சேர்த்து ஒரு பதிவுக்கு 16 பைட் என்றால் 16 ஜிபி. நொடிக்கு ஒரு கோடி அடி என்ற வேகத்தில் அட்டவணை போட இரண்டு நிமிடத்துக்குள், தேடவும் அதிகபட்சம் இரண்டு நிமிடத்துக்குள். இப்போது உங்களிடம் 1 ஜிபிதான் இருக்கிறது என்று வையுங்கள். அட்டவணை பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும், பெரிய அடிகள் பதினாறு மடங்காகும். தேடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

n = 2^80-க்குப் போனால் ஒரு கோடி வேகத்திலேயே அட்டவணை போட ஒன்றேகால் நாள், தேட இன்னொரு ஒன்றேகால் நாள். காத்திருக்கலாம். ஆனால் அட்டவணை 2^40 பதிவுகள், 16 பைட் வீதம் 16 டெராபைட். அதுவும் டிஸ்கில் வைத்தால் போதாது. ஒவ்வொரு பெரிய அடியும் அட்டவணையின் எங்கோ ஒரு மூலையைத் தொடும். ராமில் அப்படித் தாவிப் படிக்கவே ஒரு தடவைக்கு 100 நானோ நொடி அளவுக்கு ஆகும். ஒரு கோடி வேகம் என்று நான் சொன்னதே அந்தக் கணக்கில்தான். மேலே கொடுத்த பைத்தான் கோடை அப்படியே பெரிய எண்ணுக்கு ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒரு பதிவே நூறு பைட் அளவுக்குப் போய்விடும்.

அப்போ ஒவ்வொரு எண்ணையும் முழுசா சேமிக்கணுமா? 256 பிட் எண்ணா இருந்தா என்ன பண்றது?

முழுசாகத் தேவையில்லை. எண்ணிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்தால் போதும். பொருந்துகிற மாதிரி தெரிந்தால், கிடைத்த x-ஐப் போட்டு g^x உண்மையிலேயே h-தானா என்று பார்த்துக்கொள்ளலாம். பொய்யான பொருத்தம் வந்தாலும் நஷ்டம் அந்தச் சரிபார்ப்பு மட்டுமே.

துண்டு எவ்வளவு நீளம் என்பதில்தான் கவனம் வேண்டும். 2^30 பதிவுகள், 2^30 தேடல்கள் என்றால் மொத்தம் 2^60 ஒப்பீடுகள். வெறும் 32 பிட் துண்டு வைத்தால் 2^28 பொய்ப் பொருத்தங்கள் வரும். 26 கோடி தடவை சரிபார்ப்பது என்பது நிரல் அந்த வேலையிலேயே மூழ்கிப்போகும் அளவு. 64 பிட் வைத்தால் முழு ஓட்டத்திலும் ஒரு பொய்ப் பொருத்தம் வருவதே அபூர்வம். நிரல் சரியான விடை தந்தாலும் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கிறது என்றால், சரிபார்ப்பு எத்தனை தடவை நடக்கிறது என்று ஓர் எண்ணி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் துண்டு குட்டையாக இருக்கும்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா, நிஜத்துல யாராவது ஓட்டறாங்களா?

ஓட்டுகிறார்கள். அதுவும் உடைப்பதற்கு இல்லை, நேர்மையான வேலைக்கு. மின்னணு வாக்கெடுப்பு நல்ல உதாரணம். 1997-இல் கிரேமர், ஜெனாரோ, ஷூன்மேக்கர்ஸ் மூவரும் முன்வைத்த திட்டத்தில் ஒவ்வொரு வாக்கும் g-இன் அடுக்காக வைத்து எல்கமால் முறையில் பூட்டப்படுகிறது. 'ஆம்' என்றால் அடுக்கு 1, 'இல்லை' என்றால் 0 என்று எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வாக்குகளை ஒன்றோடொன்று பெருக்கினால் அடுக்குகள் கூடும். யாருடைய வாக்கையும் தனியாகத் திறக்காமல், பெருக்கி வந்த ஒன்றை மட்டும் திறக்கிறார்கள். உள்ளே இருப்பது g^T. T என்பது மொத்த 'ஆம்' வாக்குகள். T-ஐத் தெரிந்துகொள்ள கடைசியில் ஒரு தனித்த மடக்கை போட்டே ஆகவேண்டும்.

இங்கே குலம் 256 பிட் அளவு இருக்கலாம், ஆனால் T வாக்காளர் எண்ணிக்கையைத் தாண்டாது. எனவே n என்ற இடத்தில் குலத்தின் வரிசையைப் போடாமல் வாக்காளர் எண்ணிக்கையைப் போடுகிறோம். பத்து லட்சம் வாக்காளர் என்றால் அட்டவணை 1,001 பதிவு, பெரிய அடி அதிகபட்சம் 1,000. கண் இமைக்கும் நேரம். (ஒரு 'ஆம்' வாக்குகூட விழாத 0-வும் ஒரு விடை என்பதால்தான் அந்தக் கூடுதல் ஒன்று.)

இந்த இடத்தில் `None` வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தவறான சாவியால் திறந்தால் கிடைப்பது குலத்தின் ஏதோ ஓர் உறுப்பு. அதன் அடுக்கு பத்து லட்சத்துக்குள் விழ வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே வரம்புக்குள் விடை இல்லை என்றால், பலரிடம் பிரித்துக் கொடுத்த சாவியின் பங்கு ஒன்று தப்பாகச் சேர்ந்திருக்கிறது, அல்லது செல்லாத வாக்கு ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். வரம்பைப் பெரிதாக்கித் தேடிப் பார்ப்பது பதில் அல்ல. முந்தைய படிகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நூறு வார்டுக்கு நூறு விடை வேணும்னா நூறு தடவை ஓட்டணுமா?

அட்டவணை h-ஐச் சார்ந்ததே இல்லை, g-ஐ மட்டும் சார்ந்தது. ஒரு தடவை போட்டு வைத்தால் எல்லா h-க்கும் அதுவே. அப்படியிருக்க, அட்டவணையை இன்னும் நீளமாகப் போடுவது லாபம். மேலே சொன்ன பத்து லட்சம் வரம்பில் 10,000 பதிவுகள் போட்டால், ஒவ்வொரு வார்டுக்கும் நூறு பெரிய அடிகள்தான். அட்டவணைக்கு 10,000, நூறு வார்டுக்கும் சேர்த்து இன்னொரு 10,000. தனித்தனியாக ஓட்டியிருந்தால் இரண்டு லட்சம் ஆகியிருக்கும். k விடைகள் வேண்டுமென்றால் k·n-இன் வர்க்கமூலம் அளவுக்கு அட்டவணை, அதுதான் கணக்கு.

பொலார்டோட ரோ முறைக்கு மெமரியே வேண்டாமாமே. அப்புறம் எதுக்கு இது?

உண்மைதான். ஜான் பொலார்ட் 1978-இல் மடக்கைக்குக் கொடுத்த ரோ முறைக்கும் வர்க்கமூலம் அளவு அடிகள்தான், ஆனால் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 2^80 மாதிரியான இடத்தில் அட்டவணை முறையோடு மல்லுக்கட்ட வேண்டாம், அங்கே ரோதான்.

ஆனால் ரோ அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கிறது. சராசரியாக இவ்வளவு அடி என்று சொல்லலாமே தவிர, இத்தனை அடிக்குள் கட்டாயம் முடியும் என்று சொல்ல முடியாது. விடையே இல்லாத h-ஐக் கொடுத்தால் "இல்லை" என்று அதனால் உறுதியாகச் சொல்லவும் முடியாது. சின்ன அடி–பெரிய அடி முறை m பெரிய அடிகளில் ஆம் அல்லது இல்லை என்று முடித்துவிடும். வாக்கு எண்ணிக்கையில் அந்த 'இல்லை' எவ்வளவு முக்கியம் என்று மேலே பார்த்தோம். விடை குறுகிய வரம்பில் இருக்கிறது என்று தெரிந்தாலும் சாதாரண ரோவால் அந்தத் தகவலைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. அதற்கென்று பொலார்டே கங்காரு முறை என்று தனியாக ஒன்று கொடுத்தார்.

வர்க்கமூலத்துக்கும் கீழே போகவே முடியாதா?

குலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பெருக்குவது, ஒப்பிடுவது இரண்டை மட்டும் செய்தால் முடியாது. விக்டர் ஷூப் 1997-இல் இதை நிறுவினார். கவனிக்க வேண்டிய இடம், அவர் சொன்ன எல்லை n-இன் வர்க்கமூலம் அல்ல, n-ஐ வகுக்கும் மிகப் பெரிய பகா எண்ணின் வர்க்கமூலம். n சின்னச் சின்னக் காரணிகளாக உடைந்தால் வேலையும் உடையும். 1978-இல் போலிக், ஹெல்மன் இருவரும் வெளியிட்டது இதைத்தான்.

நம் 101-ஐயே எடுங்கள். n = 100 = 4 × 25. இரண்டு பக்கத்தையும் 25-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 2 என்பது 10 ஆகிறது, 47 என்பது 100 ஆகிறது. 10-இன் வர்க்கம் 100. ஆகவே x-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2 என்று உடனே தெரிந்துவிட்டது. 58-க்கு அது சரிதான். இதே மாதிரி 25-க்கான மீதி 8 என்று கண்டுபிடித்து இரண்டையும் சேர்த்தால் 58. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சின்ன அடி–பெரிய அடியைத்தான் ஓட்டுவார்கள். குலத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் n-இல் ஒரு மிகப் பெரிய பகாக் காரணி இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

அப்போ இதை வச்சு வாட்ஸ்அப் மாதிரி என்கிரிப்ஷனை உடைச்சிடலாமா?

முடியாது. அங்கே பயன்படும் நீள்வட்ட வளைவுகளில் வரிசை 2^250-ஐ ஒட்டியது. 2^80-க்கே 16 டெராபைட் என்றோம். இங்கே அட்டவணை 2^125-ஐச் சுற்றி வரும். அதை வைக்க உலகத்தில் இடம் இல்லை.

பகா எண்ணின் மீதிகளில் வேலை செய்யும் பழைய அமைப்புகளுக்கு எதிராகவும் இது ஆயுதம் அல்ல. அங்கே எண்களைச் சின்னப் பகா எண்களாகப் பிரிக்கலாம் என்ற கூடுதல் வசதி இருப்பதால், ஷூப் சொன்ன எல்லை பொருந்தாது. 2019-இல் 795 பிட் பகா எண் ஒன்றுக்குத் தனித்த மடக்கை கண்டுபிடித்தார்கள். அது எண் புலச் சல்லடை முறையில் செய்தது.

விடை இருக்குன்னு நிச்சயமா தெரியும், ஆனா புரோகிராம் None-னு சொல்லுது. எங்கே தப்பு?

நான் மாணவர்களின் கோடில் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்று இடங்கள். முதலாவது m-ஐக் கணக்கிடும் வரி. `math.sqrt` மிதவைப் புள்ளியில் வேலை செய்கிறது, 53 பிட் துல்லியம்தான். n என்பது 2^60 + 1 என்று வையுங்கள். அதன் வர்க்கமூலத்தை மேல்நோக்கி முழுமையாக்கினால் 2^30 + 1 வர வேண்டும். மிதவைப் புள்ளியில் 2^30 என்றே வந்து நின்றுவிடும். m × m, n-ஐவிட ஒன்று குறைந்துபோய், கடைசி அடுக்கு மட்டும் தேடலுக்கு வெளியே விழுந்துவிடும். ஆயிரம் சோதனையில் சரியாக வந்து, ஒன்றில் மட்டும் காலை வாரும் வகை இது. `isqrt` பயன்படுத்தியிருப்பது அதற்காகத்தான்.

இரண்டாவது, g-இன் வரிசைக்குப் பதில் வேறு எதையோ n என்று கொடுப்பது. n பெரிதாக இருந்தால் பரவாயில்லை, வேலை கூடும், விடை வரும். சிறிதாக இருந்தால் விடை தவறிப்போகும். அதே சமயம், விடை நிச்சயம் இருக்கிறது என்ற நம்பிக்கையே தப்பாகவும் இருக்கலாம். 101-இல் 4-இன் வரிசை 50 மட்டுமே. 4-இன் எந்த அடுக்கும் 2 ஆகாது. அங்கே `None` என்பதுதான் சரியான பதில்.

மூன்றாவது, நீள்வட்ட வளைவில் மட்டும் வருவது. வேகத்துக்காகப் புள்ளிகளை மூன்று ஆயங்களில் வைத்திருப்பார்கள். ஒரே புள்ளிக்கு அந்த வடிவத்தில் எண்ணற்ற முகங்கள் உண்டு. அப்படியே ஹாஷ் செய்து அட்டவணையில் போட்டால், அதே புள்ளி எதிரில் வந்தாலும் நிரலுக்கு அடையாளம் தெரியாது. அட்டவணையில் வைக்கும் முன்னும் தேடும் முன்னும் x, y என்ற இரண்டு ஆய வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்துக்கு நேர்மாறு தேவை, அது விலை அதிகம். அதனால் நூறு, ஆயிரம் புள்ளிகளைச் சேர்த்து ஒரே நேர்மாறில் மாற்றும் மான்ட்கோமரியின் உத்தியைப் பயன்படுத்துவார்கள்.

போட்டிக் கணக்குல மாடுலஸ் பகா எண்ணா இல்ல. நேர்மாறே இல்லைன்னு எரர் வருது. என்ன செய்ய?

நேர்மாறு தேவைப்படாத மாதிரி திருப்பிப் போடலாம். x = i·m − j என்று எழுதுங்கள். அட்டவணையில் h·g^j வைத்துவிட்டு, i = 1 முதல் g^(i·m)-ஐத் தேடிக்கொண்டு முன்னால் போகலாம். எங்கும் வகுக்க வேண்டியதில்லை.

ஆனால் g-க்கும் மாடுலஸுக்கும், அதாவது மீதி எடுக்க நாம் வகுக்கும் எண்ணுக்கும், பொதுக் காரணி இருந்தால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மாடுலஸ் 12, g = 2, h = 10 என்று பாருங்கள். 10 × 2 = 20, மீதி 8. 2^3-உம் 8. பொருந்திவிட்டது, x = 3 − 1 = 2 என்று நிரல் சொல்லும். 2^2 = 4, அது 10 இல்லை. இரண்டு பக்கத்திலும் இருக்கும் 2-ஐ அடித்துவிட முடியாத இடத்தில் அடித்ததால் வந்த வினை. இந்தப் பொய்ப் பொருத்தம் துண்டு குட்டையானதால் வருவது அல்ல. அதனால் இங்கே கிடைத்த x-ஐப் போட்டுச் சரிபார்ப்பது கட்டாயம். ஒரு பொருத்தம் பொய் என்றவுடன் நிறுத்திவிடவும் கூடாது; அதே மதிப்புக்கு வேறு j-உம் இருக்கலாம்.

சுத்தமான வழி, முதலில் பொதுக் காரணியைக் கழற்றிவிடுவது. 12-இல் இருக்கும் 2-களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 3. 2-இன் அடுக்குகள் 12-இல் 1, 2, 4, 8, 4, 8 என்று போகின்றன. முதல் இரண்டு அடிக்குப் பிறகுதான் சுழற்சி தொடங்குகிறது. அந்த முதல் சில அடுக்குகளை நேரடியாக h-உடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மீதியை 3-இன் மாடுலஸில் வழக்கம்போல ஓட்டுங்கள். அங்கே 2-க்கு நேர்மாறு உண்டு. h = 10-க்கு விடை இல்லை என்பதும் அப்போது தானாகத் தெரிந்துவிடும்: இரண்டாம் அடுக்கிலிருந்து வருவதெல்லாம் 4-இன் மடங்குகள், 10 அப்படி இல்லை.